இரண்டுக்குப் பின்னால் இருநூற்றுத் தொண்ணூற்றாறு சைபர்

என் பாக்கெட் டைரியில் இருக்கும் குறிப்பை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "ஜூன் 14, செவ்வாய். விடியலிலிருந்து மழை. போன் செத்துவிட்டது. 02E: 291 முதல் 307 வரை இல்லை. 17 பேர். மாலை: எல்லோரும் இருக்கிறார்கள்."

டைரியின் அட்டை கிழிந்து வருடம் போய்விட்டது. ஆனால் பதிவெண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாணவர் சேர்ந்த ஆண்டைக் குறிக்கும். 2002இல் சேர்ந்தவர்கள் மூன்றாண்டுப் படிப்பை முடித்தது 2005இல். அந்த ஆண்டு ஜூன் 14 செவ்வாய்க்கிழமையில்தான் வந்தது. நாட்காட்டியில் சரிபார்த்துவிட்டேன்.

அப்போது நான் ஊட்டியில் ஒரு கலைக் கல்லூரி அலுவலகத்தில் தேர்வுப் பிரிவு எழுத்தர். தேயிலைக்கு விலை விழுந்து கிடந்த காலம். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் எஸ்டேட் வீட்டுப் பிள்ளைகள், மீதியில் பாதிப் பேர் சிறு தோட்டக்காரர்களின் பிள்ளைகள். இரண்டு வகை வீட்டிலும் அந்த வருடங்களில் பேச்சு ஒன்றுதான்: பிள்ளை படித்து முடித்து மலையை விட்டு இறங்கி ஒரு வேலைக்குப் போக வேண்டும்.

அதுவரை பல்கலைக்கழகம் தேர்வு முடிவுகளை அச்சடித்த தாள்களாகத் தபாலில் அனுப்பும். நான் அதைப் பார்த்து எங்கள் மாணவர்களின் மதிப்பெண்களைக் கையால் லெட்ஜரில் ஏற்றுவேன். அந்த வருடம்தான் முதன்முதலாக, எல்லாக் கல்லூரிகளுக்கும் சேர்த்து ஒரே பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் போட்டார்கள். இருநூற்றுச் சொச்சம் பக்கம். பெயர் கிடையாது. பதிவெண், தாளின் குறியீடு, இன்டர்னல் மதிப்பெண், எழுத்துத் தேர்வு மதிப்பெண், மொத்தம், P அல்லது F. அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மாலை சேரிங்கிராஸ் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அதை இறக்கினேன். கோப்பு பெரியது, என்னிடம் இருந்த ஃப்ளாப்பியில் அடங்காது. அதனால் உள்ளே இருந்த எழுத்துக்களை மட்டும் மொத்தமாகக் காப்பி செய்து, அங்கேயே அட்டவணையாக்கி எடுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். இதற்காக ஒரு வாரமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

காப்பி செய்த எழுத்தில் ஒழுங்கு இல்லை. ஒரு மாணவருக்கு இரண்டு வரி: முதல் வரியில் பதிவெண்ணும் மூன்று தாள்களும், இரண்டாவதில் மீதி இரண்டு தாள்கள். பக்கம் முடியும் இடத்தில் ஒருவரின் முதல் வரி இந்தப் பக்கத்திலும் இரண்டாம் வரி அடுத்த பக்கத்திலும் விழுந்து, நடுவில் பல்கலைக்கழகத்தின் பெயரும் பக்க எண்ணும் குறுக்கே நின்றன. முதலில் அந்தத் தலைப்புகளை ஒரே கட்டளையில் நீக்கினேன். பிறகு வரி முறிவுகளையெல்லாம் எடுத்து முழுக்கோப்பையும் ஒரே நீண்ட வரியாக்கினேன். கடைசியாக, 02, பிறகு ஓர் ஆங்கில எழுத்து, பிறகு மூன்று இலக்கம் என்ற அமைப்பு எங்கே வந்தாலும் அதற்கு முன் ஒரு புது வரி போடச் சொன்னேன். ஒரே விநாடியில் ஒரு மாணவருக்கு ஒரு வரி என்று சரசரவென்று பிரிந்து நின்றது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நான் ஏதோ சத்தம் போட்டிருக்கிறேன்.

அதன் பின் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒட்டி, இடைவெளி வரும் இடமெல்லாம் தனித்தனிக் கட்டமாகப் பிரிக்கச் சொன்னேன். அந்த வேலை மூன்று படியாக நடக்கும். மூன்றாவது படியில், ஒவ்வொரு பத்தியும் எண்ணா எழுத்தா என்று கேட்கும். நான் முதல் படியிலேயே 'முடி' என்பதை அழுத்திவிட்டேன். மணி ஏழரை, கடையை மூடப் போகிறார்கள். பதிவெண் வரிசைப்படி அடுக்கி, ஃப்ளாப்பியில் ஏற்றிக்கொண்டு பெர்ன்ஹில் பஸ்ஸைப் பிடித்தேன்.

மறுநாள் காலை எங்கள் கல்லூரிப் பெயர்ப் பட்டியலோடு இந்த அட்டவணையைப் பதிவெண் வழியாகப் பொருத்தினேன். கணிதம் வந்தது, வணிகவியல் வந்தது, தமிழ் வந்தது. E என்ற எழுத்து ஆங்கில இலக்கியத்துக்கு. எங்கள் ஆங்கில மாணவர்கள் 291 முதல் 330 வரை. 308இலிருந்து கடைசிவரை ஒருவர் விடாமல் வந்தார்கள். முதல் பதினேழு பேருக்கு நேரே வெற்றுக் கட்டம். அட்டவணைக்குப் போய்த் தேடினேன். 02C முடிந்ததும் நேராக 02E308. அதற்கு முன்னால் ஒருவரும் இல்லை. கோப்பு இறங்கும்போது பக்கங்கள் விட்டுப்போயின என்று எடுத்துக்கொண்டேன். இணையம் போன் லைன் வழியாகத்தான். திரும்ப இறக்கிப் பார்க்கலாமென்றால் போன் செத்துக் கிடந்தது. எங்களுக்கு மட்டுமல்ல, சேரிங்கிராஸ்வரை எல்லோருக்கும்.

வந்தவரைக்கும் பத்து மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். அடியில், "02E291–307 முடிவுகள் இன்னும் கிடைக்கவில்லை" என்று சின்ன எழுத்தில் எழுதினேன். இங்கேதான் நான் ஊரை மறந்துவிட்டேன். செய்தித்தாளில் தேறியவர்களின் எண்களை மட்டும் பார்த்துப் பழகிய சனம் இது. நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ஃபெயில். அடிக்குறிப்பை யார் படிப்பார்கள்?

பதினொன்றரை மணிக்கு இயற்பியல் ஆய்வக உதவியாளர் உள்ளே வந்தார். கோத்தகிரிப் பக்கத்துப் படகர் வீட்டுப் பெண்மணி, என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அக்கா என்று கூப்பிடுவேன். எதற்கும் தேதி குறித்து வைப்பதால் அவர் என்னைத் தேதி சார் என்பார்.

"தேதி சார், வெளிய ஒரு புள்ள நனைஞ்சுட்டு நிக்குதுங்க. கூட அவங்க அப்பா. ஃபெயிலாயிட்டேன்னு சொல்லுது. அந்தப் புள்ள ஃபெயிலாகுமுங்களா?"

எட்டிப் பார்த்தேன். ஆங்கில வகுப்பில் முதல் மாணவி அவள். 02E296. விடுதி மூடிவிட்டதால் நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து முதல் பஸ்ஸில் அப்பாவோடு வந்திருக்கிறாள். அன்றைக்கு அவள் வர வேண்டியதற்குத் தனிக் காரணம் இருந்தது. கோயம்புத்தூரில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பி.எட். கல்லூரி, எஸ்டேட் தொழிலாளர் பிள்ளைகளுக்கு விடுதியோடு சேர்த்து இலவசமாகச் சில இடங்கள் தருவதாகச் சொல்லியிருந்தது. அங்கிருந்து ஒரு சிஸ்டர் மலைக் கல்லூரிகளைச் சுற்றிக்கொண்டு மூன்று மணிக்கு எங்களிடம் வருவார். முதல்வர் கையெழுத்திட்ட பட்டியலை வாங்கிக்கொண்டு உடனே இறங்கிவிடுவார். பதிவெண்ணும் மதிப்பெண்ணும் இல்லாத பெயரை முதல்வர் பட்டியலில் சேர்க்க மாட்டார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இருவரையும் உள்ளே கூப்பிட்டேன். அவள் துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே, "பரவால்ல சார், நான் அடுத்த தடவ எழுதிக்கிறேன்" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது அது.

"ஃபெயில் இல்லம்மா. உன் நம்பரே வரல. பதினேழு பேருக்கு வரல. அடியில எழுதியிருக்கேனே."

"எங்க சார்?"

"பலகையில."

"எறும்பு ஊர்ற மாதிரி எழுதுனா யாருக்குத் தெரியுங்க?" என்றார் அக்கா.

அவள் அப்பா தலையில் போட்டிருந்த பிளாஸ்டிக் பையைக் கழற்றி மடித்தார். சிலோனிலிருந்து சின்ன வயதில் கப்பலேறி வந்தவர். அங்கே மலைத்தோட்டத்தில் பேசிய பேச்சு இன்னும் அவர் வாயில் இருந்தது. எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை கொடுக்கிறார்கள் என்று அவரே சொன்னார். அதனால்தான் செவ்வாய்க்கிழமையில் வர முடிந்ததாம்.

"பேர் விழலையா ஐயா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. மகள் சிரித்துவிட்டாள். "அப்பா, இது பெரட்டுக்களம் இல்ல." என்னிடம் திரும்பி, "காலையில ஆள் கணக்கு எடுக்குற எடம் சார் பெரட்டுக்களம். ஒரு நாள் வேலைய செக்ரோல் நோட்டுல எழுதுறத பேர் விழுறதுன்னு சொல்லுவாங்க. கொழுந்து எடை கொறைஞ்சா அரைப்பேர்" என்றாள்.

"ஆமா. பேர் விழலைன்னா?" அவர் விடவில்லை. "வேல செய்யலைன்னா ஐயா அர்த்தம்? நாங்க செஞ்சிருப்போம். புதுசா வந்த கணக்கப்பிள்ள எங்கயாவது வேற டிவிஷன் பக்கத்துல எழுதி வச்சிருப்பாரு. நாங்க முதல்ல அங்கதான் போய்ப் பாக்குறது. ஒரு தடவ என்னைய மருந்தடிக்கிற ஆளுங்களோட போட்டிருந்தாங்க. நான் அன்னைக்குத் தேயிலைச் செடிய வெட்டுற கவ்வாத்து வேலையில."

"அது கையால எழுதுறதுங்க. இது கம்ப்யூட்டர்" என்றேன், கொஞ்சம் விறைப்பாக. "பக்கமே வரல."

"கம்ப்யூட்டர யாரு எழுத வச்சது?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்குவது தெரிந்தது.

அட்டவணையைத் திறந்து அவருக்குக் காட்டினேன். 02C முடிகிறது, 02E308 தொடங்குகிறது, பாருங்கள் என்றேன். அவர் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்தார்.

"இதுக்கு மேல என்னா இருக்கு?"

"மேல வேற பாடம். அதுக்கும் மேல கழிவு."

உண்மையில் அப்படித்தான் நினைத்திருந்தேன். அட்டவணையின் உச்சியில் சில நூறு வரிகளில் முதல் கட்டம் முழுக்க ######## என்று வேலி போட்டதுபோல் நின்றது. நீக்காமல் விட்டுப்போன பக்கத் தலைப்புகளாக இருக்கும், சாவகாசமாக அழித்துவிடலாம் என்று ஒதுக்கியிருந்தேன். அன்று காலையே அழிக்க உட்கார்ந்தேன். யாரோ வந்து மாற்றுச் சான்றிதழ் கேட்டதால் எழுந்துபோனேன்.

"கழிவையும் ஒரு தடவ பாத்துருவோமுங்க" என்று அக்கா மவுஸை வாங்கினார். உச்சிக்குப் போனார். வேலிக்குப் பக்கத்துக் கட்டங்களில் ஒழுங்காகத் தாள் குறியீடு, மதிப்பெண், P.

"கழிவு பாஸாகியிருக்கு தேதி சார்."

அந்தப் பத்தியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். கட்டம் அகலமானதும் ######## மறைந்து வேறொன்று தெரிந்தது: 2.00E+01. அடுத்தது 2.00E+02. கீழே இறங்க இறங்க 2.00E+150, 2.00E+151.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பதினெட்டு வருடம் இயற்பியல் ஆய்வகத்தில் மாணவர்கள் அளவுகளை எழுதுவதைப் பார்த்தவர். "இது எங்க ஊட்டுச் சமாச்சாரமுங்க. பெரிய நம்பர இப்படித்தான் எழுதுவோம். E-ன்னா பத்தோட அடுக்கு. 2E296-ன்னா இரண்டு போட்டு இருநூத்தித் தொண்ணூத்தாறு சைபர். இது உங்க பதிவெண்ணப் பாத்துட்டு, ஆஹா, எண்ணுன்னு நெனச்சு எண்ணா மாத்தி வச்சுருக்குதுங்க."

மூன்றாவது படியில் நான் பதில் சொல்லாமல் வந்த கேள்வி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுத்தா எண்ணா என்று சொல்லாமல் விட்டதால் அதுவே முடிவெடுத்திருக்கிறது. C, M, T எல்லாம் எண்ணில் வராத எழுத்துகள், தப்பித்தன. E மட்டும் சிக்கியது. வரிசைப்படுத்தியபோது எண்களெல்லாம் எழுத்துகளுக்கு முன்னால் போய் உச்சியில் உட்கார்ந்துவிட்டன.

"அப்ப 308இலிருந்து மட்டும் எப்படித் தப்பிச்சாங்க?" என்று கேட்டாள் மகள். அழுகை வந்த முகத்தில் இப்போது படிப்பவளின் முகம் இருந்தது.

அக்கா யோசித்தார். ஒரு காலிக் கட்டத்தில் 2E307 என்று அடித்தார். எண்ணாக மாறியது. 2E308 என்று அடித்தார். அடித்தது அடித்தபடியே நின்றது. "அதுக்கு மேல அதால எண்ண முடியலீங்க. கை விரிச்சிருச்சு. அதனால எழுத்தாவே விட்டுருச்சு" என்றார். நானும் அடித்துப் பார்த்தேன். அப்பாவும் ஒரு விரலால் அடித்துப் பார்த்தார். இரண்டு தடவை.

"அவ்வளவு பெரிய நம்பரா எம்புள்ளைக்கு?"

"உலகத்துல இருக்குற அணுவெல்லாம் எண்ணுனாலும் உங்க புள்ள நம்பர் அளவுக்கு வராதுங்க" என்றார் அக்கா.

2.00E+296 வரியைக் கண்டுபிடித்தோம். ஐந்து தாள், ஐந்திலும் P. ஆனால் எனக்கு நிம்மதி வரவில்லை. பிடிஎஃப் கையில் இல்லை. இந்த வரிதான் 02E296 என்பதற்கு அக்காவின் ஊகத்தைத் தவிர என்ன சாட்சி? அப்போது இன்டர்னல் நினைவுக்கு வந்தது. அந்த மதிப்பெண்ணைப் போட்டு அனுப்புவது நாங்கள்தான். அலமாரியிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்தேன். அவள் பெயருக்கு நேரே 22, 19, 23, 21, 24. திரையில் 22, 19, 23, 21, 24. அடுத்த மாணவனுக்குப் பார்த்தோம். சரி. அதற்கடுத்தவள். சரி. பதினேழு பேருக்கும் பார்த்தோம், நான் ரிஜிஸ்டரைப் படிக்க, மகள் திரையைப் படிக்க. எண்பத்தைந்து எண்களும் பொருந்தின. பதினேழில் பதினாறு பேர் ஐந்து தாளிலும் தேறியிருந்தார்கள். ஒருவன் ஒரு தாளில் தவறியிருந்தான். அவனுக்காக எல்லோரும் கொஞ்சம் வருத்தப்பட்டோம்.

பதிவெண் பத்தியை எழுத்து என்று மாற்றிவிட்டு, பதினேழு எண்களையும் நானே கையால் அடித்தேன். ஏற்கெனவே எண்ணாக மாறியதை, பத்தியின் வகையை மட்டும் மாற்றினால் அது திரும்ப 02E ஆகாது. திரும்ப அடித்துத்தான் ஆக வேண்டும். அடித்து முடித்துப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தால் வெற்றுக் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பியிருந்தன.

"பேர் விழுந்திருச்சு" என்றாள் மகள், அப்பாவின் குரலில்.

"முழுப்பேரா அரைப்பேரா?"

"முழுப்பேருப்பா."

அவர் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து உதறினார். தண்ணீர் என் ரிஜிஸ்டர் மேல் தெறித்தது. அந்தப் பக்கத்தில் இன்றும் ஒரு மசிக்கறை இருக்கும்.

மணி ஒன்றே முக்கால். முதல்வர் மதிய உணவுக்கு முன் கையெழுத்திட்டார். இரண்டு தடவை ரிஜிஸ்டரைச் சரிபார்த்த பின்புதான். புதிய பட்டியலைப் பலகையில் ஒட்டினேன். இந்த முறை பெரிய எழுத்தில், சிவப்பில். அதற்குள் மழையில் வேறு நாலைந்து பேர் வந்து நின்றிருந்தார்கள். அக்கா வராந்தாவில் நின்றுகொண்டு, "கழிவெல்லாம் பாஸ்" என்று கூவினார். முதலில் திகைத்தவர்கள் பிறகு தங்கள் எண்களைப் பார்த்துக் கூச்சல் போட்டார்கள். ஒருவன் அப்படியே மழைக்குள் இறங்கி மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்தான்.

கேன்டீனில் நால்வரும் டீ குடித்தோம். அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார். "டஸ்ட்டுங்க" என்றார். "நல்ல தூளு எல்லாம் எங்க போகுதோ."

"எங்க தோட்டத்துல கொழுந்தே கிள்ளுறதில்லீங்க இப்ப" என்றார் அக்கா. "ஊட்டுக்காரர் பாதியப் புடுங்கிட்டு கேரட் போட்டுட்டாரு. கேரட்டு குடிக்க முடியாதுங்களே."

மூன்றே காலுக்கு சிஸ்டர் குடையோடு வந்தார். பட்டியலைப் படித்து, மதிப்பெண்ணின் மேல் விரலை வைத்து, "இந்தப் பிள்ளை இங்கேயே இருக்கிறாளா?" என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள். ஏன் ஆசிரியராக வேண்டும் என்று கேட்டதற்கு அவள் சொன்ன பதில் எனக்குக் கேட்கவில்லை. நான் கதவுக்கு வெளியே இருந்தேன். சிஸ்டர் சிரித்தது கேட்டது. இடம் கிடைத்த கடிதம் ஜூலையில் கல்லூரி முகவரிக்கே வந்தது. எடுத்துக்கொண்டு போக அப்பா தனியாக வந்தார், வேலை இல்லாத நாளில்.

அந்தச் செவ்வாய் மாலை அவர்களின் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. எனக்கு ஆசை விடவில்லை. எங்கள் கல்லூரியில் அவள்தான் முதல், அது தெரிந்துவிட்டது. மொத்தப் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலத்தில் எத்தனையாவது என்று பார்த்துவிடலாம் என்று E மாணவர்களை மொத்த மதிப்பெண் வரிசையில் அடுக்கச் சொன்னேன். திரை மாறத் தொடங்கியது. அவள் எண் மேலே ஏறி வருவதைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைத்தேன். கரன்ட் போய்விட்டது.

"முதல்லதான வந்துச்சு?" என்றார் அப்பா இருட்டில்.

"மேல வந்துச்சுங்க. எத்தனாவதுன்னு நான் பாக்கல."

"முதல்லதான்" என்று அவரே முடிவு செய்தார். பஸ் நெல்லியாளம் போய்ச் சேர்வதற்குள் அது பஸ் முழுக்கத் தெரிந்திருக்கும். அந்த எஸ்டேட்டிலிருந்து பின்னால் படிக்க வந்த பிள்ளைகள் எல்லோரும், யுனிவர்சிட்டி ஃபர்ஸ்ட் வாங்கியவர் இருந்த வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, பக்கத்து லயம் நாங்கள் என்றுதான் தங்களை அறிமுகம் செய்துகொண்டார்கள்.

எங்கள் கல்லூரி வரிகள் அலுவலகக் கணினியில் இருந்தன. முழு அட்டவணை அந்த ஃப்ளாப்பியில் மட்டும்தான். அடுத்த வாரம் போட்டபோது, இந்த டிஸ்க் ஃபார்மட் செய்யப்படவில்லை என்றது. ஊட்டி ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கலாம். இணையத்திலிருந்தும் அதற்குள் அந்தக் கோப்பை எடுத்துவிட்டிருந்தார்கள். பல்கலைக்கழகத்துக்கு இதைக் கேட்டு இரண்டு தடவை எழுதினேன். அனுப்பிய நகல்கள் இருக்கின்றன, பதில் இல்லை. அவளைக் கேட்டேன். இப்போது அவள் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. "அப்பா சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்" என்றாள், சிரித்துக்கொண்டே.

2005 ஏப்ரல் தேர்வில் ஆங்கில இலக்கியத்தில் 02E296 பல்கலைக்கழகத்திலேயே முதல் என்பது ஆவணம் எதனாலும் இதுவரை உறுதி செய்யப்படவில்லை.